எஞ்சிய வருமான முறையில் பங்கு மதிப்பு: விடை உதைக்கும்போது எங்கே தேடுவது

எஞ்சிய வருமான முறைக்குச் சூத்திரம் சின்னது. பங்கின் புத்தக மதிப்பை எடுத்துக்கொள், அந்த முதலுக்கு முதலீட்டாளர் எதிர்பார்க்கும் கூலியைத் தாண்டி ஒவ்வொரு ஆண்டும் எவ்வளவு லாபம் மிஞ்சும் என்று பார், அந்த மிச்சத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டு. அவ்வளவுதான். எட்வர்ட்ஸும் பெல்லும் 1961-இல் பேசிய இந்தக் கணக்கை 1995-இல் ஓல்சன் செம்மையாக எழுதி வைத்தார்.

ஆனால் ஷீட்டில் போட்டுப் பார்த்தால் விடை சில நேரம் வானத்தில் நிற்கும், சில நேரம் பாதாளத்தில் கிடக்கும். நான் பார்த்த தப்புகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறந்தவை: ஒரு ரூபாயைப் புத்தக மதிப்பிலும் எண்ணி, வருங்கால லாபத்திலும் எண்ணிவிடுவது, அல்லது இரண்டிலுமே விட்டுவிடுவது. எந்த அறிகுறி தெரிந்தால் எங்கே தோண்ட வேண்டும் என்று கீழே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம். கற்பனையான ஒரு தனியார் வங்கி. வங்கியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு: வங்கியின் சொத்து பெரும்பாலும் கடனும் கடன்பத்திரமும் என்பதால் புத்தக மதிப்புக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது, ரொக்க வரவை வைத்து மதிப்பிடுவதும் வங்கிக்குச் சரிவராது. மார்ச் 31 அன்று பங்கு ஒன்றுக்குப் புத்தக மதிப்பு 200 ரூபாய். முதலின் செலவு, அதாவது மேலே சொன்ன கூலியின் விகிதம், 13%: அரசுக் கடன்பத்திர வட்டி 7 என்று வைத்து, பங்கு என்பதால் வரும் ஆபத்துக்கு 6 சேர்த்தேன்.

| ஆண்டு | தொடக்கப் புத்தக மதிப்பு | லாபம் | டிவிடெண்ட் | முதலின் கூலி | எஞ்சியது |
|---|---|---|---|---|---|
| 1 | 200 | 32 | 8 | 26.00 | 6.00 |
| 2 | 224 | 36 | 9 | 29.12 | 6.88 |
| 3 | 251 | 40 | 10 | 32.63 | 7.37 |

மூன்றாம் ஆண்டு முடிவில் புத்தக மதிப்பு 281. அதற்குப் பிறகு எஞ்சும் வருமானம் ஒரேயடியாக நின்றுவிடாது, என்றென்றும் அப்படியே இருக்கவும் இருக்காது. ஒவ்வொரு ஆண்டும் முந்தைய ஆண்டின் 60% மட்டும் நீடிக்கும் என்று வைத்தேன்.

```
RI1 = E1 - r*B0
B1  = B0 + E1 - D1
CV3 = RI3*w/(1+r-w)
V0  = B0 + RI1/(1+r) + RI2/(1+r)^2 + (RI3+CV3)/(1+r)^3
```

இதில் `B` புத்தக மதிப்பு, `E` லாபம், `D` டிவிடெண்ட், `r` முதலின் செலவு, `RI` எஞ்சியது, `CV3` மூன்றாம் ஆண்டுக்குப் பின் எஞ்சுவதன் அன்றைய மதிப்பு, `V0` பங்கின் இன்றைய மதிப்பு. `w` என்பது நீடிப்பு எண், இங்கே 0.6. மூன்று ஆண்டு மிச்சத்தின் இன்றைய மதிப்பு 15.81. அதற்குப் பின் வருவதன் இன்றைய மதிப்பு 5.78. ஆக, 200 + 15.81 + 5.78 = 221.59 ரூபாய். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: டிவிடெண்ட் வழியில் போட்டால் வேறு விடை வருகிறது

முதலில் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். ஷீட்டின் ஓரத்தில் ஒரு செல் இதற்கென்றே ஒதுக்குங்கள்.

எஞ்சிய வருமான முறை வானத்திலிருந்து குதித்ததல்ல. டிவிடெண்ட்களை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் பழைய முறையையே வேறு விதமாக அடுக்கி வைத்தது. ஆகவே இரண்டும் கடைசிப் பைசா வரை ஒத்துப்போக வேண்டும். நம் வங்கியில் 8, 9, 10 ரூபாய் டிவிடெண்ட்களின் இன்றைய மதிப்பு 21.06. மூன்றாம் ஆண்டு முடிவில் பங்கின் மதிப்பு, அன்றைய புத்தக மதிப்பு 281-உம் அதற்குப் பின் வரும் 8.34-உம் சேர்த்து 289.34. அதன் இன்றைய மதிப்பு 200.53. கூட்டினால் 221.59. சரி, ஒத்துப்போகிறது.

ஒத்துப்போகவில்லை என்றால் என்ன? அடிக்கடி கண்ணில் படுவது, முதலின் கூலியைச் சராசரிப் புத்தக மதிப்பின் மேல் போடுவது. பங்குத் தகவல் தளங்கள் பலவும் முதல் மீதான வருவாயைச் சராசரி முதலை வைத்துக் காட்டுவதால், அந்தப் பழக்கம் இங்கும் ஒட்டிக்கொள்கிறது. நம் வங்கியில் முதல் ஆண்டுச் சராசரி 212. அதன் மேல் 13% என்றால் கூலி 27.56, எஞ்சியது 6-க்குப் பதில் 4.44. மூன்று ஆண்டுக்கும் இப்படியே போட்டால் எஞ்சிய வருமான வழியில் 215.95 வரும், டிவிடெண்ட் வழியில் 220.06 வரும். நாலு ரூபாய்ச் சொச்சம் இடிக்கிறது. காரணம் எளிது: ஆண்டின் நடுவில் சேர்ந்த லாபத்துக்கும் கூலி கேட்கிறீர்கள், ஆனால் அந்த லாபம் ஆண்டு முடிவில்தான் வருகிறது என்று இன்றைய மதிப்புக் கணக்கு நினைத்துக்கொண்டிருக்கிறது. தொடக்கப் புத்தக மதிப்பையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அதுவும் சரியாக இருந்தால் புத்தக மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு நகரும் வரியைப் பாருங்கள். தொடக்கம், கூட்டல் லாபம், கழித்தல் டிவிடெண்ட், இதுதான் முடிவு. வேறு எதுவும் அந்த வரிக்குள் புகக் கூடாது. ஒவ்வொரு ஆண்டின் புத்தக மதிப்பையும் தனியாக 12% வளர்த்து டைப் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். லாபம் ஒரு பக்கம், புத்தக மதிப்பு ஒரு பக்கம் என்று இரண்டும் தனித்தனிக் குடித்தனம் நடத்தும். டிவிடெண்ட் விகிதத்தை மாற்றினால் அடுத்த ஆண்டுப் புத்தக மதிப்பு அசைகிறதா என்று பாருங்கள். அசையவில்லை என்றால் தப்பு அங்கேதான்.

முன்கணிப்பில் நாம் இந்த வரியைக் கட்டுப்படுத்தலாம். கடந்த காலத்தில் அது நம் கையில் இல்லை. ஆண்டறிக்கையில் போன ஆண்டுப் புத்தக மதிப்போடு லாபத்தைக் கூட்டி டிவிடெண்டைக் கழித்தால் இந்த ஆண்டுப் புத்தக மதிப்பு வராது, ஏதாவது இடிக்கும். இந்திய வங்கிகளில் இதற்கு ஒரு புதுக் காரணம் சேர்ந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2023-இல் வெளியிட்டு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த முதலீட்டு விதிகளின்படி, ‘விற்பனைக்குக் கிடைப்பவை’ என்ற வகையில் வைத்திருக்கும் கடன்பத்திரங்களின் விலை ஏற்ற இறக்கம் லாப நட்டக் கணக்கைத் தொடாமல் நேரே ஒரு தனிக் கையிருப்புக்குப் போய்விடும். வங்கியின் இருப்புநிலைக் குறிப்பில் அட்டவணை 2-ஐத் திறந்தால் அந்த வரி தனியாகத் தெரியும். கட்டட மறுமதிப்பீட்டுக் கையிருப்பும் அதே அட்டவணையில்தான் உட்கார்ந்திருக்கும்.

என்ன செய்வது? தொடக்கப் புத்தக மதிப்பில் அந்தக் கையிருப்பை அப்படியே விட்டுவிடுங்கள். இன்று இருக்கும் விலையில் அது உண்மையான பணம்தான். வரும் ஆண்டுகளில் அது ஏறுமா இறங்குமா என்று யாருக்கும் தெரியாது, எனவே சுழியம் என்று வைப்பது நியாயம். ஆனால் கடந்த ஐந்து ஆண்டாக லாபத்தில் காட்டாத இழப்பு ஒரே பக்கமாகவே கசிந்துகொண்டிருந்தால், அதை முன்கணிப்பு லாபத்திலிருந்து கழித்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்த ரூபாய் எந்தக் கணக்கிலும் வராமல் தப்பித்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சோதனை ஷீட்டின் உள்கட்டைத்தான் பார்க்கும். நீங்கள் போட்ட லாபம் அபத்தமாக இருந்தாலும் இரண்டு வழியும் அழகாக ஒரே அபத்தத்தைச் சொல்லும்.

அறிகுறி: மதிப்பு சந்தை விலையைப்போல இரண்டு மடங்கு

நண்பர் ஒருவர் ஒரு முறை இதே மாதிரி ஓர் எண்ணை அனுப்பி, “பாதி விலைக்குக் கிடைக்குதுடா” என்றார். கடைசிச் செல்லைப் பார்க்காமலே காரணம் தெரிந்துவிட்டது. வழக்கமாக அந்தச் செல்தான்.

நம் வங்கியையே எடுத்துக்கொள்வோம். மூன்று ஆண்டு வரை எதுவும் மாறவில்லை, 215.81. அதற்குப் பின் என்ன என்பதை மட்டும் மாற்றிப் பார்ப்போம். நான்காம் ஆண்டு முதல் எதுவும் எஞ்சாது என்றால் அதுவே விடை. 60% நீடித்தால் 221.59. 7.37 ரூபாய் மாறாமல் என்றென்றும் எஞ்சினால் 255.10. ஆண்டுக்கு 5% வளர்ந்தால் 282.85. 10% வளர்ந்தால் 403. ஒரே வங்கி, ஒரே மூன்றாண்டு முன்கணிப்பு, அதே 13%. 216-க்கும் 403-க்கும் இடையில் இருப்பதெல்லாம் ஒரு செல்லின் கைவரிசை.

நண்பர் போட்டது 10%. அவர் சொன்ன காரணம், “பேங்க் 12% வளருது, நான் 10-தானே போட்டேன்” என்பது. இங்கேதான் வழுக்குகிறது. வளர்வது வங்கி; எஞ்சிய வருமானம் வேறு. மூன்றாம் ஆண்டில் புத்தக மதிப்பு 251-இலிருந்து 281-க்குப் போகிறது, ஏறத்தாழ 12% வளர்ச்சி. ஆனால் எஞ்சிய வருமானம் என்பது கூலிக்கு மேல் கிடைக்கும் அந்த ஏறத்தாழ மூன்று சதவீதம். அது அப்படியே நீடித்தால்தான் எஞ்சிய வருமானமும் வங்கியோடு சேர்ந்து வளரும்.

அவருடைய 10%-ஐ அவருடைய டிவிடெண்ட் எண்ணோடு உரசிப் பார்த்தால் போதும். லாபத்தில் 25% டிவிடெண்டாகப் போகிறது, 75% உள்ளே நிற்கிறது. வெளியிலிருந்து முதல் வாங்காமல் புத்தக மதிப்பு என்றென்றும் 10% வளர வேண்டும் என்றால் முதல் மீதான வருவாய் 10-ஐ 0.75-ஆல் வகுத்தது, அதாவது 13.33%. முதலின் செலவு 13. ஆக எஞ்சுவது 281 ரூபாயில் 0.33%, ஒரு ரூபாய் கூட இல்லை, 94 காசு. அவரோ 7.37-ஐ 1.10-ஆல் பெருக்கி 8 ரூபாய்க்கு மேலே தொடங்கியிருந்தார். வளர்ச்சி, டிவிடெண்ட் விகிதம், முதல் மீதான வருவாய் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் நாம் தேர்ந்தெடுக்க முடியும், மூன்றாவது தானாக வந்து விழும்.

எஞ்சிய வருமானம் மாறாமல் நின்றால் கூட அது கஞ்சத்தனமான ஊகம் அல்ல என்பதையும் கவனியுங்கள். 7.37 ரூபாய் அப்படியே நிற்க, அதே டிவிடெண்ட் விகிதத்தில் வங்கி வளர்ந்துகொண்டே போனால், பத்து ஆண்டில் புத்தக மதிப்பு 800-ஐத் தொட்டுவிடும். அப்போது முதல் மீதான வருவாய் 13.9%. இது மெதுவாகக் கரையும் ஒரு வங்கியின் படம். போட்டி உள்ள துறையில் இதுவே தாராளம். அமெரிக்க நிறுவனங்களின் பழைய கணக்குகளை வைத்து டெச்சோவ், ஹட்டன், ஸ்லோன் மூவரும் 1999-இல் செய்த ஆய்வில் நீடிப்பு எண் சராசரியாக 0.62 வந்தது. அது இந்திய வங்கிக்கு வேதவாக்கு இல்லை. ஆனாலும் 1-க்கு மேல் போவதற்கு நீங்கள் காரணம் சொல்ல வேண்டும் என்பதற்கு அது போதும்.

என் வழக்கம், கடைசிச் செல்லை ஊகிப்பதற்குப் பதில் திருப்பிக் கேட்பது. சந்தையில் பங்கு 300 ரூபாய் என்றால், 215.81 போக மீதி 84.19-ஐ நியாயப்படுத்த எஞ்சிய வருமானம் என்றென்றும் எவ்வளவு வளர வேண்டும்? கணக்குப் போட்டால் ஏறத்தாழ 6.5%. “இந்த வங்கி தன் கூலிக்கு மேல் கிடைக்கும் மிச்சத்தை ஆண்டுக்கு 6.5% பெருக்கிக்கொண்டே போகுமா?” என்பது விவாதிக்கக்கூடிய கேள்வி. “மதிப்பு 403-ஆ, 221-ஆ?” என்பது சண்டைக்குத்தான் ஆகும்.

அறிகுறி: லாபம் ஆண்டுதோறும் ஏறுகிறது, எஞ்சிய வருமானம் மட்டும் மைனஸ்

இது தப்பாகவே இருக்க வேண்டியதில்லை. 200 ரூபாய் முதலில் 20 ரூபாய் சம்பாதிக்கும் வங்கி, அதில் 15-ஐ உள்ளே வைத்தால் அடுத்த ஆண்டு லாபம் 21.50 ஆகிவிடும். நாளிதழில் ‘லாபம் 7.5% உயர்வு’ என்று வரும். ஆனால் 13% கூலி 26 ரூபாய், எஞ்சியது மைனஸ் 6. உள்ளே வைத்த ஒவ்வொரு ரூபாயும் குறைந்த கூலிக்கு வேலை செய்கிறது.

முதலில் தப்புக்கான இரண்டு இடங்களைப் பார்த்துவிடுங்கள். கூலியைப் பங்குதாரர் முதலின் மேல் மட்டும் போட்டிருக்கிறீர்களா? நிகர லாபத்தில் வட்டி ஏற்கனவே கழிந்துவிட்டது. கடனையும் சேர்த்த மொத்த முதலின் மேல் மறுபடி கூலி போட்டால் வட்டியை இரண்டு முறை கழித்ததாகும். அடுத்தது, ஒருங்கிணைந்த கணக்கை எடுத்தால் துணை நிறுவனங்களில் வெளியாருக்கு உரிய பங்கை லாபத்திலும் முதலிலும் சேர்த்தே நீக்க வேண்டும். லாபத்தில் நீக்கிவிட்டு முதலில் மறந்துவிட்டால் மிச்சம் பொய்யாகக் குறையும்.

இரண்டும் சரி என்றால் மைனஸ் உண்மைதான். இனிமேல் முக்கியமானது, அது எவ்வளவு காலம் என்பது. மைனஸ் 6 ரூபாய் ஆண்டுக்கு 60% மட்டும் நீடித்துக் கரைந்தால் மதிப்பு 188.68. வருவாய் 10%-லேயே என்றென்றும் நின்று, புத்தக மதிப்பு ஆண்டுக்கு 7.5% வளர்ந்துகொண்டே போனால் மதிப்பு 91. புத்தக மதிப்பில் பாதிக்குக் கிடைக்கும் பொதுத்துறை வங்கிப் பங்கைப் பார்த்து “அள்ளு” என்று சொல்லும்போது, உண்மையில் பந்தயம் கட்டுவது இந்த 91-க்கும் 188-க்கும் இடையில்தான். இரண்டாவது நிலையில் வளர்ச்சி கூடக் கூட மதிப்பு குறையும் என்பது முதலில் பார்ப்பவர்களைத் திகைக்க வைக்கும்.

அறிகுறி: வங்கி ஒரே காலாண்டில் வாராக்கடனை எழுதித் தள்ளியது, மதிப்பு அதே அளவு விழுந்தது

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கோளாறு, ஏனென்றால் இந்த முறையின் நல்ல குணம் இங்கேதான் தெரியும்.

வங்கி மார்ச் காலாண்டில் பங்குக்கு 20 ரூபாய் கூடுதல் ஒதுக்கீடு செய்கிறது. கணக்கு எளிமையாக இருக்க, வரிக்குப் பிந்தைய தொகை என்று வைப்போம். புத்தக மதிப்பு 200-இலிருந்து 180. மதிப்பு எவ்வளவு மாற வேண்டும்? இந்த 20 ரூபாய் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது.

முதல் வகை. அடுத்த ஆண்டு எப்படியும் செய்ய வேண்டிய ஒதுக்கீட்டைப் புதுத் தலைமை அதிகாரி இப்போதே செய்துவிட்டார். அப்படியானால் அடுத்த ஆண்டு லாபம் 32-இலிருந்து 52 ஆகும். கூலி 180-இல் 13%, அதாவது 23.40. எஞ்சியது 28.60, இன்றைய மதிப்பு 25.31. 180-உடன் கூட்டினால் 205.31. முன்பு 200-உடன் 5.31, அதே 205.31. முதல் ஆண்டு முடிவில் புத்தக மதிப்பு இரண்டிலும் 224. ஒரு காசு மாறவில்லை. கணக்காளர் எந்த ஆண்டில் நஷ்டத்தை எழுதினார் என்பது மதிப்பைத் தொடுவதில்லை. உங்கள் ஷீட்டில் மதிப்பு விழுந்திருந்தால், புத்தக மதிப்பை 180 என்று மாற்றிவிட்டு அடுத்த ஆண்டு லாபத்தைத் தொட மறந்திருக்கிறீர்கள்.

இரண்டாம் வகை கொஞ்சம் நுட்பமானது. கடன் ஏற்கனவே செத்துவிட்டது. 90 நாளுக்கு மேல் தவணை வராத கடனுக்கு, பணம் கைக்கு வந்தால் தவிர வட்டியை வருமானமாகக் காட்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே அதிலிருந்து லாபம் எதுவும் வந்துகொண்டிருக்கவில்லை. உங்கள் 32, 36, 40 முன்கணிப்பிலும் அது இல்லை. இப்போது எழுதித் தள்ளியதால் லாப முன்கணிப்பு மாறாது, டிவிடெண்டும் மாறாது. அப்படியானால் பங்குதாரர் கைக்கு வருவது எதுவும் மாறவில்லை. மதிப்பு ஏன் மாற வேண்டும்?

ஆனால் ஷீட்டில் மாறும். புத்தக மதிப்பு 20 குறைந்ததால் ஆண்டுக்குக் கூலி 2.60 குறைகிறது, எஞ்சிய வருமானம் 8.60, 9.48, 9.97 என்று ஏறுகிறது. நீடிப்பு எண் 0.6-உடன் முடித்தால் விடை 209.77, பழைய 221.59-ஐ விட 11.82 குறைவு. டிவிடெண்ட் வழியும் இதையே சொல்லும், எனவே மேலே சொன்ன சோதனை இதைப் பிடிக்காது. தப்பு எங்கே என்றால் கடைசிச் செல்லில். அந்த 2.60 போட்டியால் கரையும் மிச்சம் இல்லை. புத்தகத்திலிருந்து ஒரு பொய்ச் சொத்தை நீக்கியதால் தோன்றியது; லாபம் அப்படியே தொடரும்வரை அது கரையாது. 2.60-ஐ 0.13-ஆல் வகுத்துப் பாருங்கள்: 20. நீக்கிய அதே 20 ரூபாய். ஆகவே எஞ்சிய வருமானத்தை இரண்டாகப் பிரியுங்கள். 6, 6.88, 7.37 என்ற பகுதிக்கு 0.6, 2.60 என்ற பகுதிக்கு 1. விடை மறுபடி 221.59.

மூன்றாம் வகையில்தான் மதிப்பு உண்மையிலேயே 20 விழும். நேற்று வரை ஒழுங்காக வட்டி கட்டிய, உங்கள் முன்கணிப்பில் லாபம் தந்துகொண்டிருந்த கடன் திடீரென்று போய்விட்டது. அந்த 20 ரூபாய் 13% சம்பாதித்துக்கொண்டிருந்தது என்றால் ஆண்டு லாபம் 2.60 குறையும், டிவிடெண்டும் அதே அளவு குறையும் என்று வைப்போம். எஞ்சிய வருமானம் 6, 6.88, 7.37 என்று பழையபடியே நிற்கும், தொடக்கம் மட்டும் 180. விடை 201.59.

ஒரே அறிவிப்பு, மூன்று விடை. அறிவிப்பு வந்த அன்று நான் தேடுவது ஒதுக்கீட்டின் அளவை அல்ல, அந்தக் கடன் போன காலாண்டில் எந்த வகையில் இருந்தது என்பதை.

அறிகுறி: வங்கி புதுப் பங்கு விற்றதும் பங்குக் கணக்கு குழம்புகிறது

பங்கு ஒன்றுக்கு என்று மட்டும் ஷீட் வைத்திருப்பவர்களுக்கு இது வரும். வங்கியிடம் 100 கோடிப் பங்கு, 20,000 கோடி ரூபாய் முதல் என்று வையுங்கள். பெரிய நிறுவனங்களுக்கு 300 ரூபாய் விலையில் 10 கோடிப் பங்கு விற்று 3,000 கோடி திரட்டுகிறது. இப்போது 110 கோடிப் பங்கு, 23,000 கோடி முதல், பங்குக்கு 209.09. லாபமும் இல்லை, டிவிடெண்டும் இல்லை, ஆனால் புத்தக மதிப்பு 9 ரூபாய் ஏறிவிட்டது. நகரும் வரி உடைந்தது.

209.09-ஐ மட்டும் புதிதாக டைப் செய்து லாபத்தை 32-லேயே விட்டால், கூலி 27.18, எஞ்சியது 4.82 என்று குறைந்துவிடும். புதுப் பணம் 13%-க்குப் பதில் 10.67% மட்டுமே சம்பாதிப்பதாக அர்த்தம். மொத்தத் தொகையில் போடுங்கள். புது 3,000 கோடி வெறும் 13% சம்பாதித்தாலும் 390 கோடி வரும்; அதற்குக் கூலியும் 390. எஞ்சிய வருமானம் மொத்தமாகப் பழைய 600 கோடிதான். ஆக வங்கியின் மதிப்பு பழைய 22,159 கோடியோடு 3,000 சேர்ந்து 25,159 கோடி, 110 கோடியால் வகுத்தால் 228.72. பழைய பங்குதாரருக்கு 7 ரூபாய் லாபம், ஏனென்றால் 221.59 பெறுமான பங்கை 300-க்கு விற்றிருக்கிறார்கள். புத்தக மதிப்பு 9 ரூபாய் ஏறியது இந்த 7-க்குக் காரணம் இல்லை. 210 ரூபாய்க்கு விற்றிருந்தால் கூடப் புத்தக மதிப்பு ஏறியிருக்கும், ஆனால் பழையவர்கள் நஷ்டப்பட்டிருப்பார்கள்.

போனஸ், பங்குப் பிரிப்பு இரண்டிலும் இந்தத் தலைவலி இல்லை. எல்லா எண்ணையும் ஒரே விகிதத்தில் வகுத்தால் முடிந்தது. புத்தக மதிப்பை வகுத்துவிட்டு முன்கணிப்பு லாபத்தைப் பழைய பங்கு எண்ணிக்கையிலேயே விட்டிருந்தால் மட்டும் மதிப்பு தாறுமாறாகக் குதிக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம்.

அறிகுறி: சூத்திரம் சரி, ஆனால் விடை எப்போதும் சில ரூபாய் குறைவாக நிற்கிறது

தேதியைப் பாருங்கள். 221.59 என்பது மார்ச் 31-ஆம் தேதி மதிப்பு. செப்டம்பர் முடிவில் சந்தை விலையோடு ஒப்பிடுகிறீர்கள் என்றால் அதை அரை ஆண்டு நகர்த்த வேண்டும்: 1.13-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 235.55. இதற்கிடையில் ஜூலையில் 8 ரூபாய் டிவிடெண்ட் போயிருந்தால் அதைக் கழித்து, ஏறத்தாழ 227.50.

அந்த 8 ரூபாயில் ஒரு பழைய பொறி உண்டு. 2016-இல் கணக்கியல் விதி திருத்தப்படும் முன், இயக்குநர் குழு பரிந்துரைத்த டிவிடெண்டை மார்ச் 31 இருப்புநிலைக் குறிப்பிலேயே பொறுப்பாகக் கழித்துவிடுவார்கள். இப்போது பொதுக்குழு ஒப்புதல் தந்த பிறகுதான் கழிக்கிறார்கள். ஆகவே இன்றைய 200 ரூபாய்க்குள் வரப்போகும் 8 ரூபாய் டிவிடெண்ட் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. முதல் ஆண்டு டிவிடெண்ட் என்ற செல்லில் வர வேண்டியது போன ஆண்டு லாபத்திலிருந்து இந்த ஜூலையில் கைக்கு வரும் இந்த 8-தான். இந்த ஆண்டு லாபத்துக்காக அடுத்த ஜூலையில் வரப்போகும் டிவிடெண்டை முதல் வரியில் போட்டுவிட்டு, 8 ரூபாயைத் தனியாக 200-இலிருந்தும் கழித்தால், ஒரே ஆண்டில் இரண்டு டிவிடெண்ட் போனதாகிவிடும். பத்து ஆண்டுத் தரவை ஒரே ஷீட்டில் வைத்திருப்பவர்கள் 2016-ஐ ஒட்டிய வரிசையில் புத்தக மதிப்பு இடிப்பதைப் பார்த்தால், வேறெங்கும் தேட வேண்டாம். இந்த விதி மாற்றம்தான்.